தாத்தா, அப்பத்தாவோடு போடிமெட்டுப் பக்கம் பயணம்: ஹோட்டலா, வாடகை வீடா?

சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புதுச் சிக்கல். ஊருக்குப் போக வேண்டும், ஆனால் ஊரில் வீடு இல்லை. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கும் ஊர்களில் இருந்த பூர்வீக வீட்டை எப்போதோ விற்றாயிற்று, இல்லையென்றால் பங்காளிகளுக்குள் பிரித்தாயிற்று. தாத்தாவும் அப்பத்தாவும் மகனோடு நகரத்துக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. "ஒரு தடவ குலதெய்வத்தக் கும்பிட்டுட்டு, அப்படியே மெட்டு வரைக்கும் போய்ட்டு வந்துரணும்ப்பா" என்று அவர்கள் கேட்கும்போது, பேரனோ பேத்தியோ செல்போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

தேடினால் இரண்டு வகை வருகிறது. ஒன்று, போடிநாயக்கனூரிலோ தேனியிலோ உள்ள ஹோட்டல் அறை. இன்னொன்று, போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு முழு வீடு. வராந்தா, மூடுபனி, சமையலறை, எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில். படத்தைப் பார்த்த உடனே வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய ஓட்டும் வீட்டுக்குத்தான் விழும்.

அந்த ஓட்டு பெரும்பாலான நேரம் தப்பு. 75 வயதைத் தாண்டிய, மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் கூட வரும்போது இந்த மலைச்சரிவில் செய்ய வேண்டியது வேறு. தூக்கம் கீழே ஹோட்டலில், மலை பகலில். வாடகை வீடு என்ற ஏற்பாடு மோசம் என்பதால் இல்லை. அந்த வீடுகள் இருக்கும் இடமும், அங்கே ராத்திரி நடப்பதும்தான் காரணம்.

முதலில் அந்தச் சாலை

போடியில் இருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். மேலே போய்ச் சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருந்து 4,500 அடி வாக்கில் ஏறிவிடுகிறோம். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான் என்பதால் சாலை நன்றாகவே இருக்கும். காரில் முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இந்த உயரத்தில் மூச்சுத் திணறல் வரும் என்று சிலர் பயப்படுவார்கள். பொதுவாக அந்தப் பயம் தேவையில்லை, அது எட்டாயிரம் அடிக்கு மேலே யோசிக்க வேண்டிய விஷயம். இங்கே மாறுவது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். போடியில் விசிறி போட்டுப் படுத்தவருக்கு, மெட்டுக்கு மேலே அதே ராத்திரி இரண்டு போர்வை வேண்டும். மூட்டு வலி உள்ளவருக்கும் இழுப்பு உள்ளவருக்கும் அந்த ஆறு டிகிரி பெரிய வித்தியாசம்.

இன்னொரு பிரச்சினை வாந்தி. வளைவு ஏறும்போது தலை சுற்றாமல் இருக்க அவோமின் மாதிரி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இளவயதுக்காரருக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு அதே மாத்திரை சிறுநீரை அடைத்துவிடலாம், குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரலாம். கிளம்புவதற்கு முன்னாலேயே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாத்திரை இல்லாமலே, முன் சீட்டில் உட்கார வைத்து, லேசாகச் சாப்பிட வைத்து, டிரைவரை மெதுவாக ஓட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது?

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பகலைத்தான் பார்க்கிறார்கள். ஜன்னலில் என்ன தெரிகிறது, வராந்தா எப்படி இருக்கிறது, பிள்ளைகள் விளையாட இடம் உண்டா. பெரியவர்களுக்கு ஆபத்து அங்கே இல்லை. புது இடத்தின் முதல் ராத்திரியில், இருட்டில், கட்டிலில் இருந்து பாத்ரூமுக்குப் போகும் அந்தப் பத்து அடியில்தான் இருக்கிறது.

80 வயதில் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பது சாதாரணம். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் படுக்கையில் இருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஒரு நொடி கண் இருட்டும். சொந்த வீட்டில் அவருக்குச் சுவர் எங்கே, சுவிட்ச் எங்கே என்று கை தானாகவே தெரிந்து வைத்திருக்கும். புது இடத்தில் கை நீட்டினால் சுவர் இருக்காது. வீட்டில் கட்டிலுக்கு வலப்பக்கம் இறங்கிப் பழகியவர், இங்கே வலப்பக்கம் சுவர் என்பதால் இடப்பக்கம் இறங்குவார். பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு சின்னத் திண்டு கட்டியிருப்பார்கள், இரண்டு அங்குலம்தான். அதில் கால் தடுக்கும். உள்ளே பளபளப்பான டைல்ஸ் ஈரமாக இருக்கும். இடுப்பெலும்பு முறிவு என்பது மலை ஏறும்போது நடப்பதைவிட இப்படி நடப்பதுதான் அதிகம்.

ஏலத்தோட்டத்து வீடுகளில் இதற்கு மேலும் சில விஷயங்கள் உண்டு. சரிவில் கட்டிய வீடு என்பதால் தரைத்தளம் என்று சொல்வதே சாலையில் இருந்து பத்து இருபது படி கீழேயோ மேலேயோ இருக்கும். பழைய எஸ்டேட் வீட்டைப் புதுப்பித்தது என்றால் பாத்ரூம் வீட்டோடு சேராமல் பின்பக்கம் இருக்கலாம். மழைக்காலத்தில் முற்றத்துச் சிமெண்ட் தரையில் பாசி பிடித்திருக்கும். காற்று மழையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் ஓடும், கெய்சர் ஓடாது, பெரும்பாலும் ஃபிரிட்ஜும் ஓடாது.

ஹோட்டல் அறையில் இது எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன ஊர் லாட்ஜ்களில் லிஃப்ட் இல்லாத மாடி உண்டு, கைப்பிடிக் கம்பி இல்லாத பாத்ரூம்தான் அதிகம், சில அறைகளில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கும். ஆனால் ஹோட்டலில் அறையை மாற்றிக் கேட்கலாம். வீட்டில் அந்த வீடு ஒன்றுதான். வந்து இறங்கிய பிறகு பாத்ரூம் சரியில்லை என்று தெரிந்தால் மாற்று வழியே கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் போதும், ஹோட்டல் பக்கம் தராசு சாய.

வீட்டுக்கும் நியாயம் உண்டு

ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தால் ஒன்றில் தாத்தாவும் அப்பத்தாவும், இன்னொன்றில் மகன் குடும்பம். ராத்திரி அப்பத்தா கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காது. தாத்தா வழக்கப்படி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். உள்ளே விழுந்துவிட்டால் வரவேற்பறையில் இருக்கும் மாஸ்டர் சாவி இருந்தும் பயனில்லை, தாழ்ப்பாளை உடைக்க வேண்டியிருக்கும். ஞாபக மறதி ஆரம்பித்திருக்கும் பெரியவர் என்றால் இன்னும் சிரமம். சாயங்காலம் ஆனால் குழப்பம் கூடும், "இது யாரு வீடு, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்து கதவைத் திறந்து வராண்டாவில் நடக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் குடும்பமே ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீடு நிச்சயம் நல்லது.

ஹோட்டல்தான் என்று முடிவானால் இதற்கு வழி பண்ணிக்கொள்ளலாம். பெரியவர்களைத் தனி அறையில் விடாமல் ஆளுக்கொரு அறையாகப் பிரியுங்கள். தாத்தாவோடு மகன், அப்பத்தாவோடு மருமகளும் பிள்ளைகளும். "என்னடா இது, ரயில் கம்பார்ட்மென்ட் மாதிரி" என்று முதலில் சிரிப்பார்கள். ராத்திரி அந்த ஏற்பாடு உதவும்.

சாப்பாட்டில் வீடு ஜெயிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. இன்சுலின் போடும் அப்பத்தாவுக்குக் காலை ஏழரைக்கு ஊசி, எட்டுக்கு இட்லி என்று கணக்கு. ஹோட்டலில் டிபன் எட்டரைக்குத்தான் தயார் என்றால் அந்த இடைவெளியில் சர்க்கரை இறங்கி வியர்த்து மயக்கம் வரும். வீட்டில் இருந்தால் நேரம் நம் கையில். ஆனால் 'கிச்சன் உண்டு' என்ற வரியை நம்பிப் போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இரண்டு பாத்திரமும் இருக்கும். குக்கர் இருக்காது. கரண்ட் போனால் அடுப்பும் இல்லை. எல்லாமே இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு பேருக்கு மூன்று வேளை யார் சமைப்பது? குரூப்பில் வீட்டுக்கு ஓட்டுப் போட்ட யாரும் அடுப்படிக்குப் போகப் போவதில்லை. அம்மா போவார். மலைக்கு வந்தும் அவருக்கு லீவு கிடையாது.

ஹோட்டலில் இதை ஒரு போன் காலில் சரி செய்யலாம். முதல் நாள் ராத்திரியே கிச்சனில் சொல்லிவைத்தால் ஏழே முக்காலுக்கு நான்கு இட்லி அறைக்கே வந்துவிடும். வரும் வரைக்கும் ஊசி போட வேண்டாம். தட்டு கண்ணில் பட்ட பிறகு போட்டால் போதுமா என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இன்சுலின் வகையைப் பொறுத்து அது மாறும்.

இன்சுலின் பற்றி இன்னும் ஒன்று. ஹோட்டல் அறையில் கதவோரம் கார்டைச் செருகினால்தான் கரண்ட் வரும். வெளியே போகும்போது கார்டை எடுத்தால் குட்டி ஃபிரிட்ஜும் நின்றுவிடலாம். வரவேற்பில் இரண்டாவது கார்டு கேட்டு வாங்கிச் செருகிவிட்டுப் போங்கள். ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மருந்தை வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. நிறுத்திவைத்த காரிலும் விட்டுவிட வேண்டாம், போடி வெயிலில் கார் அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 81, முழங்கால் தேய்மானம், புராஸ்டேட் மாத்திரை. அப்பத்தாவுக்கு 76, இன்சுலின். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மொத்தம் ஆறு பேர், இரண்டு ராத்திரி.

வாடகை ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஹோட்டல் அறை 2,500 ரூபாய் என்று வைப்போம். இரண்டு அறை, இரண்டு ராத்திரி, 10,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆக 10,500. தோட்டத்து வீடு ஒரு ராத்திரிக்கு 8,000 என்று வைத்தால் இரண்டு ராத்திரிக்கு 16,000. முழு வீட்டையும் ஒரே யூனிட்டாகப் பில் போட்டால் அது 7,500-ஐத் தாண்டிவிடுகிறது, வரி 18 சதவீதம். 18,880 ஆகிவிடும். இதற்கு மேல் பெரிய சாலையில் இருந்து வீடு வரை ஜீப் வாடகை, சமைத்துக் கொடுப்பவருக்குக் கூலி, சில இடங்களில் சுத்தம் செய்ய தனிக் கட்டணம்.

'வீடு எடுத்தால் மலிவு' என்பது பத்துப் பன்னிரண்டு பேர் போகும்போதுதான் உண்மை. அப்போது ஹோட்டலில் நாலைந்து அறை எடுக்க வேண்டியிருக்கும். ஆறு பேருக்கு இல்லை.

அந்த ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். போடி, தேவாரம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஏறி மலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குவது இந்த ஜீப்களில்தான். ஏலத்தோட்டத்துக்குள் போகும் பாதைக்கு அதைவிட்டால் வேறு வண்டி சரிப்படாது. வீட்டு விளம்பரத்தில் 'கடைசி 800 மீட்டர் ஜீப்பில்' என்று சாதாரணமாக ஒரு வரி இருக்கும். முழங்கால் தேய்ந்தவர் அந்த ஜீப்பின் பின்பக்கம் ஏற வேண்டும், குலுங்க வேண்டும், இறங்க வேண்டும். இளவட்டத்துக்கு அது ஜாலி. தாத்தாவுக்கு இரண்டு நாள் முதுகு வலி.

தோட்டத்துக்குள் வீடு என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள், மருந்தடிக்கிற நாள் எது என்று. ஏலம் அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கப்படும் பயிர். ஜன்னலுக்குப் பத்தடியில் செடி இருக்கும் வீட்டில் அன்றைக்கு இருந்தால் இழுப்பு உள்ளவருக்குக் கஷ்டம். நேர்மையான உரிமையாளர் நேரடியாகச் சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

மேலே இருந்து கீழே போடி அரசு மருத்துவமனைக்கு வர அதே 26 கிலோமீட்டர், அதே 17 வளைவு. தோட்டத்துப் பாதையையும் மூடுபனியையும் சேர்த்தால் ராத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய சிகிச்சை என்றால் தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்றால் எப்போது தொடங்கியது என்றே தெரியாது. இந்தக் கணக்கில் மலையில் இருந்து இறங்கும் நேரம் ஒரு பெரிய துண்டு.

மழைக்காலத்தில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது இந்தச் சாலைக்குப் புதிதல்ல. கேரளப் பக்கம் சின்னக்கானல், சாந்தன்பாறை வட்டாரத்தில் யானை நடமாட்டமும் உண்டு. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்தது சின்னக்கானல் பகுதியில்தான். பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் வந்து நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பகலில் அது ஒரு கதை. ராத்திரி ஒரு மணிக்கு நோயாளியைக் காரில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது கதையாக இருக்காது.

மெட்டுக்கு மேலே நிற்கும் போது 108-ஐ அழைத்தால் 'எந்த மாநிலம், எந்த ஊர்' என்பதை முதலில் சொல்லுங்கள். எல்லையில் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. சில தோட்டங்களில் சிக்னலே இருக்காது, அங்கே வீட்டில் லேண்ட்லைனோ வைஃபையோ வேலை செய்கிறதா என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ராத்திரி அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதும் முக்கியம். உரிமையாளர் குடும்பம் அதே வளாகத்தில் குடியிருந்தால் அவர்களிடம் ஜீப் இருக்கும், பாதை தெரிந்திருக்கும், எந்த டாக்டரை எழுப்பலாம் என்று தெரிந்திருக்கும். ஹோம்ஸ்டே என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் அதுதான். ஆனால் அந்தப் பெயரில் இப்போது வருகிற பல வீடுகளில், சாவியைக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குப் பராமரிப்பாளர் கிளம்பிவிடுவார். விளம்பரத்தில் 'முழுத் தனிமை' என்று போட்டிருப்பது இதைத்தான்.

அப்போ மலையைப் பார்ப்பது எப்படி?

காலை ஒன்பது மணிக்கு டிபன், மாத்திரை முடித்துக் கீழே இருந்து கிளம்பினால் பத்தரைக்குள் மெட்டில் இருக்கலாம். வழியில் வண்டியை ஓரங்கட்ட இடமுள்ள வளைவில் நிறுத்தினால் போடியும் அதைச் சுற்றிய தோப்புகளும் தட்டில் வைத்த மாதிரி தெரியும். சிலமலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் அரை மணி நேரம் போதாது. எது எந்தக் கரடு, எது எந்தக் கண்மாய் என்று அடையாளம் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நாலு மணிக்குள் இறங்க ஆரம்பித்தால் மூடுபனிக்கும் இருட்டுக்கும் முன்னால் அறைக்கு வந்துவிடலாம்.

இந்தத் திட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு, கழிப்பறை. மெட்டில் டீக்கடைகள் இருக்கும், முழங்கால் மடங்காதவர் உட்காரக்கூடிய சுத்தமான வெஸ்டர்ன் டாய்லெட்டை எதிர்பார்க்க முடியாது. இதற்குப் பயந்துதான் பல பெரியவர்கள் காலையில் நீர் மாத்திரையை விட்டுவிடுவார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். அதனால் மேலே ஏதாவது ஒரு ரிசார்ட்டிலோ ஹோட்டலிலோ மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி, சாப்பிட்ட பிறகு ஒரு அறையை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் கேளுங்கள். கூட்டமில்லாத நாளில் குறைந்த கட்டணத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. தாத்தா காலை நீட்டிப் படுப்பார், பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள்.

எந்தக் குடும்பத்துக்குத் தோட்டத்து வீடு சரி? பெரியவர்கள் கைத்தடி இல்லாமல் படியேறி இறங்குகிறார்கள், கார் வாசல் வரைக்கும் போகிறது, பாத்ரூம் படுக்கையறையோடு சேர்ந்திருக்கிறது, உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறார் என்றால் தாராளமாகப் போகலாம். அப்போதும் ரயிலில் வந்து இறங்கிய முதல் ராத்திரி வேண்டாம். முதல் நாள் கீழே தூங்கி எழுந்து, இரண்டாம் நாள் மேலே போங்கள்.

போனில் என்ன கேட்பது?

எந்த இடமானாலும் படங்களை நம்ப வேண்டாம். ஒரே ஒரு வீடியோ கேளுங்கள். கார் நிற்கும் இடத்தில் தொடங்கி, நடந்து, படி ஏறி, படுக்கையறைக்குள் போய், கட்டிலில் இருந்து பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே போகும் வரை வெட்டாமல் எடுத்த வீடியோ. இரண்டு நிமிடம் கூட ஆகாது. படிகளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம், கைப்பிடி இருக்கிறதா, வாசல் திண்டு எவ்வளவு, கமோடு எப்படி என்று எல்லாம் தெரிந்துவிடும். கட்டில் உயரமும் கவனிக்க வேண்டியது. இப்போது ஸ்டைலுக்காகத் தரையோடு ஒட்டிய கட்டில் போடுகிறார்கள், அதில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியாது. நாற்காலி உயரம், அதாவது ஒன்றரை அடி இருந்தால் நல்லது. அந்த வீடியோவை எடுத்து அனுப்ப மறுக்கும் இடத்தை விட்டுவிடலாம்.

'வீல்சேர் போகும்' என்று சொன்னால் எந்தக் கதவு வரை என்று கேளுங்கள். சாதாரண வீல்சேரின் அகலமே இரண்டடிக்கு மேல். அறைக்கதவில் நுழையும், பாத்ரூம் கதவில் பெரும்பாலும் நுழையாது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பிளக்கில் செருகும் இரவு விளக்கு இரண்டு, பாத்ரூமுக்கு ரப்பர் மேட், ராத்திரி எழ முடியாத நாளுக்கு ஒரு யூரின் கேன். குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அங்கேயே கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நின்றுகொண்டு குளிப்பதைத் தவிர்த்தாலே வழுக்கி விழும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

வந்து சேரும் நேரத்தையும் பாருங்கள். 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் பாதை திறந்த பிறகு, சென்னை சென்ட்ரலில் இருந்து வாரத்துக்கு மூன்று நாள் நேரடி ரயில் இருக்கிறது. ராத்திரி ஏறினால் மறுநாள் காலையில் போடி. பெரியவர்களுக்குப் பஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல், ரயிலில் கழிப்பறை உண்டு, காலை நீட்டலாம். ஆனால் ஆப்பில் பதிவு செய்த அறைக்கும் வீட்டுக்கும் செக்-இன் மதியம் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த 81 வயதுக்காரரை வரவேற்பறை சோபாவில் மூன்று மணி நேரம் உட்கார வைக்க முடியாது. நம் ஊர் லாட்ஜ்கள் பலவற்றில் இன்னமும் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. காலை பத்துக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை பத்து வரை. ஆப்பில் பார்க்காமல் நேரடியாகப் போன் பண்ணி, தரைத்தளம் அல்லது லிஃப்டுக்குப் பக்கத்து அறை, வெஸ்டர்ன் டாய்லெட், 24 மணி நேரக் கணக்கு, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் அறைகளைப் பிடித்துவிடும், அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டும் முன்னால் ரத்து விதியைப் படியுங்கள். பெரியவர்கள் வரும் பயணம் முந்தின நாள் காய்ச்சலில் நின்றுபோக நல்ல வாய்ப்பிருக்கிறது. முழு வீட்டுக்குப் பெரும்பாலும் முழுத் தொகையும் முன்பணம், கடைசி வாரத்தில் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. ஹோட்டலில் முந்தின நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறை கிடைக்கும், கூட நூறு இருநூறு கொடுத்தாவது அதையே எடுங்கள். இல்லையென்றால் "எதுக்குப்பா காச வீணாக்கணும், லேசான காய்ச்சல்தான்" என்று அப்பத்தா மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்.